“அங்கே குத்தாதம்மா!” - ட்ரிப் ஊசியும் ‘டிஸ்டல்’ பாடமும்

கேஸ் ஷீட்டில் ‘ஃப்ராக்சர், லெஃப்ட் டிஸ்டல் ரேடியஸ்’ என்று எழுதியிருந்தது. ரேடியஸ் என்பது முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடும் எலும்பு என்பது அந்த முதலாமாண்டு நர்சிங் மாணவிக்குத் தெரியும். டிஸ்டல் என்றால் முழங்கைப் பக்கமா, மணிக்கட்டுப் பக்கமா என்பதில்தான் குழப்பம். ப்ளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர். டோர்சல், ஆன்டீரியர், ப்ராக்ஸிமல் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து பரீட்சையும் எழுதியாயிற்று. வார்டுக்கு வந்து, படுத்திருக்கும் ஒரு மனிதரைப் பார்த்ததும் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது.

“மேலே, கீழேன்னு சொன்னா போதாதா மேம்? எதுக்கு லத்தீன்?” என்று பயிற்சி தரும் மூத்த செவிலியரிடம் கேட்டேவிட்டார்.

“அந்தப் பேஷன்ட்டோட கையைப் பாரும்மா. வீக்கம் வடியறதுக்காகத் தலையணை மேல தூக்கி வெச்சிருக்கோம். இப்போ அவருக்கு விரல்தான் மேலே, முழங்கை கீழே. நீ ‘மணிக்கட்டுக்கு மேலே’ன்னு எழுதி வெச்சா, நைட் ட்யூட்டிக்கு வர்றவங்க எந்தப் பக்கம்னு எடுத்துப்பாங்க?”

நோயாளி குப்புறப் படுப்பார், புரள்வார், காலைத் தூக்கி வைப்பார். அதனால் அவர் எப்படி இருந்தாலும், ஒரே ஒரு நிலையில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்வது உடற்கூறியல் வழக்கம். நிமிர்ந்து நின்று, நேரே பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கை முன்னால் தெரியும்படி விரிப்பதுதான் அந்த நிலை. யாரும் இயல்பாக அப்படி நிற்பதில்லை. ஆனாலும் அதற்குக் காரணம் உண்டு. உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பினால் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போய்விடும். முன்னால் திருப்பினால்தான் பக்கத்துப் பக்கத்தில் நேராக நிற்கும்.

இந்த நிலையில் முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். இடது, வலது எல்லாம் நோயாளியுடையதுதான். எதிரே நின்று பார்ப்பவருடையது அல்ல. படுக்கைப் புண் முதுகின் அடிப்பகுதியில் வந்தால் அது போஸ்டீரியர். அவரைக் குப்புறப் போட்டதும் புண் நம் கண்ணுக்கு மேலே தெரியலாம். பெயர் மாறாது.

ப்ராக்ஸிமல், டிஸ்டல் இரண்டும் முக்கியமாகக் கை, கால்களுக்கான சொற்கள். லத்தீனில் ப்ராக்ஸிமஸ் என்றால் மிக அருகில். எதற்கு அருகில் என்று கேட்க வேண்டும். கையோ காலோ உடம்போடு சேரும் இடத்துக்கு அருகில் என்பதுதான் பதில். அங்கிருந்து தள்ளிப் போகப்போக டிஸ்டல். ஆக, கேஸ் ஷீட்டில் இருந்தது மணிக்கட்டுப் பக்க முறிவு.

அன்றைக்கே இன்னொரு படுக்கையில் இந்தச் சொல்லுக்கு உண்மையான வேலை வந்தது. ஒரு பெரியவருக்கு இடது புறங்கையில் போட்டிருந்த ட்ரிப் மெதுவாகிவிட்டது. ஊசி இருந்த இடத்தைச் சுற்றி வீங்கி, தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. மருந்து ரத்தக் குழாய்க்குள் போகாமல் வெளியே சதையில் கசிகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. செவிலியர் முதலில் ட்ரிப்பை நிறுத்தினார். பிறகு கேனுலாவை எடுத்தார்.

“முடிஞ்ச வரைக்கும் அடுத்த கையிலதான் போடணும். அவருக்கு அந்தக் கைல கட்டு இருக்கு. அதனால இதே கைதான். எங்கே போடலாம், சொல்லு.”

பழைய ஊசித் துளைக்குக் கீழே, விரல்களை ஒட்டி அதே நரம்பு புடைத்து நன்றாகத் தெரிந்தது. (ரத்தக் குழாயைத்தான் நம் ஊரில் நரம்பு என்கிறோம்.) மாணவி அதைக் காட்டினார்.

“அங்கே குத்தாதம்மா! சிரைல ரத்தம் எந்தப் பக்கம் ஓடும்?”

“விரல்லேர்ந்து இதயத்துக்கு.”

“அப்போ நீ அங்கே போடற மருந்து ஓடி வர்ற வழியில பழைய ஓட்டை இருக்கே! அதுவழியா மறுபடி சதைக்குள்ளதான் கசியும். வெறும் சலைன்னா வீக்கத்தோட போகும். கால்சியம், சில கேன்சர் மருந்து எல்லாம் கசிஞ்சா தோல், சதையெல்லாம் வெந்து புண்ணாயிடும்.”

புது ஊசி, பழைய துளைக்கு ப்ராக்ஸிமலாக இருக்க வேண்டும். அதாவது, தோள் பக்கமாகத் தள்ளி. முன்கையில் ஒரு நேரான சிரையைத் தேடி, அதற்கும் ப்ராக்ஸிமலாக டூர்னிகெட் கட்டி, புது கேனுலாவைப் போட்டார்கள். நாள்கணக்கில் ட்ரிப் போக வேண்டியவர்களுக்குப் பொதுவாகக் கையின் டிஸ்டல் பகுதியில் ஆரம்பிப்பதும் இதனால்தான். எடுத்த எடுப்பில் முழங்கை மடிப்பில் குத்தி அது கெட்டுப்போனால், அதற்குக் கீழே உள்ள நல்ல இடங்கள் வீணாகிவிடும்.

மாவுக்கட்டுப் போட்டவர்களிடமும் இதே கணக்குதான். கட்டு இறுக்கிப் பிடிக்கிறதா என்பது கட்டுக்கு டிஸ்டலாக உள்ள இடத்தில்தான் தெரியும். விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சுமார் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். விரல் சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ டாக்டரை உடனே கூப்பிட வேண்டும்.

மாணவிக்கு மிச்சமிருந்த சந்தேகம் டோர்சல். லத்தீனில் டோர்சம் என்றால் முதுகு. புறங்கையை டோர்சம் என்பது புரிகிறது. பாதத்தின் மேல்பக்கத்தையும் அப்படியே சொல்கிறார்களே, நிற்கும்போது அது முன்னால்தானே இருக்கிறது?

“கரடி மாதிரி நடக்கிறதா நினைச்சுக்கோ. முட்டி போடாம, உள்ளங்கையும் உள்ளங்காலும் தரையில. இப்போ வானத்தைப் பார்க்கறது என்னென்ன?”

முதுகு, புறங்கை, பாதத்தின் மேல்பக்கம். மூன்றும் டோர்சல். சுறாவின் முதுகுத் துடுப்பை டோர்சல் ஃபின் என்பதும் இந்தச் சொல்தான். கருவில் கைகால்கள் மொட்டுப்போல முளைக்கும்போது ஒரு பக்கம் முதுகை ஒட்டியும், மறுபக்கம் வயிற்றை ஒட்டியும் இருக்கின்றன. வளரும்போது கால் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. அதனால்தான் பாதத்தின் முதுகுப்பக்கம் நாம் நிற்கும்போது நம் கண்ணுக்குத் தெரிகிறது.

கால் உடைந்தவருக்கும், சர்க்கரை நோயாளிக்கும் பாதத்தில் நாடி பார்க்கச் சொல்வார்கள். அந்த நாடியின் பெயர் டோர்சாலிஸ் பீடிஸ்; பெயரிலேயே முகவரி இருக்கிறது. கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னால் பாதத்தின் மேல் ஒரு தசைநாண் கயிறுபோல் எழும்பும். அதை ஒட்டி, சுண்டுவிரல் பக்கமாக இரண்டு விரல்களை லேசாக வைத்தால் துடிப்பு தெரியும். அழுத்தினால் துடிப்பு அடங்கிவிடும்.

நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் அங்கே நாடி கிடைக்காது. உடனே பதற வேண்டியதில்லை. கணுக்காலின் உள்பக்க எலும்பு முடிச்சுக்குப் பின்னால் தேடலாம். அதன் பெயர் போஸ்டீரியர் டிபியல். இரண்டுமே கிடைக்கவில்லை, கால் சில்லிட்டிருக்கிறது என்றால் அது வேறு விஷயம், தாமதிக்கக் கூடாது.

“அப்போ எல்லா இடத்துலயும் ப்ராக்ஸிமல்னா உடம்புக்குப் பக்கம். சரிதானே மேம்?”

“கை, காலுக்கு மட்டும்தான். குடலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. சாப்பாடு வர்ற பக்கம் ப்ராக்ஸிமல், வெளியே போற பக்கம் டிஸ்டல். பல் டாக்டர்கிட்ட போனா இன்னும் வேற. அங்கே டிஸ்டல்னா, முன்பல் நடுக்கோட்டுலேர்ந்து தள்ளி, கடைவாய்ப் பக்கம். அது உனக்கு அடுத்த போஸ்டிங்ல.”