மாடியில் மேட்ச், கீழே பில்

கடை கீழே, வீடு மேலே. நம் ஊர்களில் மளிகைக் கடை, மருந்துக் கடை, துணிக்கடை என்று பல இப்படித்தான் இருக்கின்றன. இன்டர்நெட் இணைப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான். வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஃபைபர் மோடத்தை மாட்டிவிட்டு, அதே வைஃபை பாஸ்வேர்டைக் கீழே பில் போடும் கம்ப்யூட்டருக்கும் ஸ்வைப் மெஷினுக்கும் கொடுத்துவிடுவார்கள். பகலெல்லாம் ஒரு குறையும் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், மேலே டிவியில் மேட்ச் ஓடி, பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் படம் பார்க்கும்போது, கீழே ஸ்வைப் மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கும். கடையிலும் அதுதான் கூட்ட நேரம்.

உடனே கடைக்காரருக்குத் தோன்றுவது, வேகம் போதவில்லை என்பதுதான். கேபிள்காரரைக் கூப்பிட்டு 50 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்கிவிடுவார். மாதாமாதம் பணம் கூடுதலாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் மறுபடியும் சுற்றும். இந்த இடத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். ஒரு கார்டு பரிவர்த்தனைக்குப் போய்வரும் தகவல் சில கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மெஷினுக்கு வேண்டியது வேகம் அல்ல. அனுப்பியதற்கு உடனுக்குடன் பதில். அந்தப் பதில் குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால், நடந்த பரிவர்த்தனையையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மெஷின் ரத்து செய்யப் பார்க்கும். வீடியோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பல நொடிகளுக்கான படத்தை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்வதால், நடுவில் தாமதம் வந்தாலும் டிவி பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் மேலே எல்லாம் நன்றாக ஓட, கீழே மட்டும் தகராறு.

இந்தத் தாமதம் இரண்டு இடங்களில் நேரலாம். எந்த இடம் என்று தெரியாமல் பணம் செலவழித்துப் பயனில்லை.

முதல் இடம் காற்று. ஒரு வைஃபை சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபை அதே சேனலில் இருந்தால் அதுவும் இந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும். சிக்னல் மங்கலாகக் கிடைக்கும் கருவி மெதுவாகத்தான் பேசும். அதே அளவு தகவலுக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு மற்றவர்களின் நேரத்தையும் தின்னும். கடையில் இருப்பதோ அப்படிப்பட்ட கருவிகள். நடுவில் கம்பி போட்ட கான்கிரீட் தளம், சுற்றிலும் இரும்பு ரேக்குகள், முன்னால் இரும்பு ஷட்டர். போதாததற்கு, சாதாரண ஸ்வைப் மெஷின்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. ஒரு தெருவில் இருபது வீட்டு வைஃபையும் அந்த மூன்றில்தான் முட்டிமோத வேண்டும்.

இரண்டாவது இடம், மோடத்திலிருந்து வெளியே போகும் லைன். இங்கே எல்லோரும் டிவியைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் 4கே தரத்தில் படம் பார்த்தாலும் 15 எம்பிபிஎஸ் போல இருந்தால் போதும். 100 எம்பிபிஎஸ் லைனை ஒரு டிவி அடைத்துவிடாது. லைனை அடைப்பது பெரும்பாலும் மேலே ஏறும் தகவல். கல்யாண வீட்டுக்குப் போய்வந்து நான்கு பேரின் போனும் வீட்டு வைஃபையில் சேர்ந்தவுடன், எடுத்த வீடியோ எல்லாம் தானாக கிளவுடில் ஏறத் தொடங்கும். லைன் எவ்வளவு கொடுத்தாலும் அவ்வளவையும் அது எடுத்துக்கொள்ளும். மோடம் அந்த மூட்டைகளை வரிசையில் அடுக்கி வைக்கும். ஸ்வைப் மெஷினின் சின்னஞ்சிறு தகவல் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். கிளவுடில் பதிவாகும் சிசிடிவி கேமராவும் இதே வேலையை இருபத்துநான்கு மணி நேரமும் செய்துகொண்டிருக்கும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். கூட்ட நேரத்தில், வைஃபையில் இருக்கும் விண்டோஸ் பில்லிங் கம்ப்யூட்டரில் இரண்டு கறுப்புத் திரைகளைத் திறந்து, ஒன்றில் முதல் வரியையும் மற்றதில் இரண்டாவதையும் அடியுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் மோடத்தையே கேட்கிறது. அதன் எண் சில வீடுகளில் வேறாக இருக்கும். `ipconfig` என்று அடித்தால் `Default Gateway` என்ற இடத்தில் தெரியும். இரண்டாவது, வெளியே இருக்கும் கூகுளின் பொது சர்வரைக் கேட்கிறது. ஒவ்வொரு வரியிலும் `time=` என்பதற்குப் பின்னால் வரும் மில்லிசெகண்ட் கணக்குதான் நமக்கு வேண்டியது.

ஒரு மருந்துக் கடையை வைத்துப் பார்ப்போம். காலையில் மோடத்திலிருந்து 3, 4 என்றும் வெளியிலிருந்து 20, 25 என்றும் பதில் வருகிறது. இரவு எட்டு மணிக்கு மோடத்தின் பதிலே 200, 300 என்று தாவி, இடையிடையே `Request timed out` என்றும் விழுகிறது. மோடம் இருப்பது தலைக்கு மேலே பத்தடி உயரத்தில். அதைத் தொடுவதற்கே இவ்வளவு நேரம் என்றால் கோளாறு காற்றில். பிளானை எவ்வளவு உயர்த்தினாலும் இது தீராது. மாறாக, மோடத்தின் பதில் 4 ஆகவே இருந்து வெளிப்பதில் மட்டும் 600 என்று ஏறினால் லைனில் நெரிசல். போன்களின் போட்டோ பேக்கப்பை நிறுத்திப் பாருங்கள். எண் சட்டென இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. எதை நிறுத்தியும் இறங்காவிட்டால், இணைப்பு கொடுத்தவரிடம் அந்த எண்களைக் காட்டிக் கேட்கலாம்.

இப்போது பிரிப்பது. இதில் ஒரு தவறான யோசனை பரவலாக இருக்கிறது. மோடத்தில் `Guest Network` என்ற வசதியைத் திறந்து, வீட்டுக்கு ஒரு பெயர், கடைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் பிரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது பாதுகாப்புக்கு நல்லது. விருந்தாளியின் போனிலிருந்து கடைக் கம்ப்யூட்டரை எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் இரண்டு பெயர்களும் ஒரே பெட்டியின் ஒரே ஆன்டெனாவில், ஒரே சேனலில்தான் ஓடுகின்றன. காற்றில் இருக்கும் வரிசை அப்படியே இருக்கும். பெயரை மாற்றினால் போதாது, வழியை மாற்ற வேண்டும்.

அந்த மருந்துக் கடையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாடி மோடத்தின் லேன் துளையிலிருந்து ஒரு கேட் 6 கம்பியைக் கீழே இழுங்கள். வெளிச்சுவர் வழியாக வந்தால் வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கம்பியாக வாங்குங்கள்; கரண்ட் ஒயர் போகும் குழாய்க்குள் விட வேண்டாம். கடையில் ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்றை வைத்து, பில்லிங் கம்ப்யூட்டரைக் கம்பியிலேயே சேர்த்துவிடுங்கள். ஸ்வைப் மெஷினுக்கு மட்டும் வைஃபை வேண்டும். அதற்கு வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் போதும். அதை `AP Mode` என்று மாற்றி அதே ஸ்விட்சில் சொருகுங்கள். இதை மாற்றாமல் சொருகினால் இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு கணக்கில் முகவரி கொடுக்கத் தொடங்கி, காலையில் வேலை செய்த மெஷின் மாலையில் செய்யாது. மாடி வைஃபை சேனல் 1 என்றால் கடைக்கு 11 வையுங்கள். கடை வைஃபைக்குப் புதிய பெயரும் புதிய பாஸ்வேர்டும் வைத்து, அதை வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒரு வாரத்தில் பிள்ளைகளின் போன் எல்லாம் கீழே வந்துவிடும். மாடியில் டிவி மோடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதையும் கம்பியில் போட்டுவிடலாம். பெரிய தீனிக்காரர் காற்றை விட்டுப் போய்விடுவார்.

இரண்டு கல்லா உள்ள கடைகளுக்கு இது இன்னும் அவசியம். இரண்டாவது கம்ப்யூட்டர் ஒவ்வொரு பொருளின் விலையையும் இருப்பையும் முதல் கம்ப்யூட்டரிடம் கேட்டுத்தான் பில் போடுகிறது. இன்டர்நெட்டே இல்லாவிட்டாலும் அந்தப் போக்குவரத்து வைஃபையில் நடக்கும். நடுவில் அறுந்தால் பாதி பில்லில் திரை உறையும். பழைய வகை சாஃப்ட்வேராக இருந்தால் டேட்டாவே கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. இரண்டு கல்லாவுக்கும் நடுவே வைஃபை வேண்டவே வேண்டாம்.

காற்று சரியான பிறகும் லைன் பொதுவாகத்தான் இருக்கும். `Guest Network` இங்கேதான் கைகொடுக்கும். குடும்பத்தை அதில் வைத்து, ரவுட்டரில் `Bandwidth Control` இருந்தால் 50 எம்பிபிஎஸ் லைனில் வீட்டுக்கு 40 என்று உச்சவரம்பு போடலாம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஏற்றத்தை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். போனிலிருந்து டிவிக்குப் படத்தை அனுப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ள வீட்டில், போன் அங்கேயும் டிவி இங்கேயும் இருந்தால் அது நின்றுபோகும். இரண்டையும் ஒரே பக்கம் வையுங்கள். வரம்பு போடும் வசதி மோடத்தில் இல்லையென்றால், போட்டோ பேக்கப்பைக் கடை மூடிய பிறகு வைத்துக்கொள்ள வீட்டில் பேசி முடிவெடுப்பதுதான் வழி.

சவுண்ட் பாக்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலானவை தன் சிம்மில்தான் பேசுகின்றன. ஸ்வைப் மெஷினிலும் பலவற்றில் சிம் இருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு சிறிய தொகைக்குத் தேய்த்துப் பாருங்கள். ஒரு நாள் ஃபைபர் அறுந்தால் கடையைக் காப்பது அதுதான். சிம் செத்துக் கிடப்பது அன்றைக்குத் தெரிந்து பயனில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு பரிவர்த்தனை நடுவில் அறுந்து, வாடிக்கையாளருக்குப் பணம் போய் மெஷினில் வராமல் நின்றால், உடனே மறுமுறை தேய்க்காதீர்கள். மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். பணம் போய் உறுதிச் செய்தி கடைக்கு வராத கார்டு பரிவர்த்தனைகளுக்கு, ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்திருக்கிறது. அதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாதென்றால், முதலில் அந்தக் கம்பியை இழுங்கள். பெரிய பிளானுக்கு வைத்திருக்கும் பணத்தை அதற்குப் போடுங்கள்.