உள்ளேன் ஐயா: பழைய வகுப்புக்கு ஓர் அழைப்பிதழ்

பத்தாம் வகுப்பு முடித்து இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆனவர்கள் மறுபடி ஒன்றுகூடுவது இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. தேதி, இடம், சாப்பாடு எல்லாவற்றையும் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்துவிடுகிறார்கள். அழைப்பிதழ் மட்டும் கடைசி நேரத்தில், கல்யாணப் பத்திரிகை வாசகத்தையே அங்கங்கே மாற்றி அனுப்பப்படுகிறது. நெருங்கிய கூட்டாளிகளுக்கு அது போதும். அவர்கள் ஒரு போன் அடித்தாலே வந்துவிடுவார்கள். தயங்குகிறவரைக் கூட்டி வருவதுதான் அழைப்பிதழின் வேலை.

அவர் யார்? பத்தாவதில் தவறி, அதோடு படிப்பை விட்டவராக இருக்கலாம். முதல் பெஞ்சில் இருந்தவன் வெளிநாட்டில் இருக்கிறான், நாம் போய் அவனிடம் என்ன பேசுவது என்று நினைப்பவராக இருக்கலாம். 'இந்த உடம்போடு எப்படிப் போய் நிற்பது' என்று கண்ணாடி முன் யோசிக்கும் அம்மாவாக இருக்கலாம். காலம் யாரையும் விட்டுவைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அழைப்பிதழ் இவர்கள் எல்லாருடைய கூச்சத்தையும் பாதி குறைத்துவிடும். ஆகவே கிண்டல் அத்தனை பேர் மேலும் ஒருசேர விழ வேண்டும். முடி, தொப்பை, மூக்குக் கண்ணாடி, மாத்திரை ஆகியவை பொதுச் சொத்து. மார்க், சம்பளம், கல்யாணம், குழந்தை ஆகியவை தனியார் நிலம். அங்கே கால் வைக்கக் கூடாது.

எந்த வடிவத்தில் எழுதலாம்? வினாத்தாள் வடிவம் நன்றாகப் பொருந்தும் என்பேன். முதல் மாணவரும் தவறியவரும் ஒரே மாதிரி பயந்த ஒரே காகிதம் அதுதான். 1996-இல் பத்தாவது எழுதிய ஒரு வகுப்புக்கு எழுதிப் பார்ப்போம்.

மறுகூடல் தேர்வு
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, 1996
காலம்: காலை 10 மணி முதல் வீட்டிலிருந்து போன் வரும் வரை
மதிப்பெண்: எல்லாருக்கும் 35, அனைவரும் பாஸ்

குறிப்பு: பார்த்து எழுதலாம். எழுத்து தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கண்ணாடியை வாங்கிக்கொள்ளலாம். எல்லாரிடமும் இருக்கிறது.

கோடிட்ட இடங்களை நிரப்புக:
1. அன்று தலையில் சீப்பு நுழையாது. இன்று சீப்புக்கு ______ இல்லை.
2. அன்று பிரேயரில் உயர வரிசையில் நின்றோம். இன்று குரூப் போட்டோவில் ______ வரிசையில் நிற்போம்.

சரியா, தவறா எனக் கூறுக:
3. மைதானத்தை ஐந்து சுற்று ஓடியவர்கள், இப்போது மாடிக்குப் போக லிஃப்ட் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்கள்.
4. வீட்டுப்பாடம் செய்யாமல் முட்டி போட்டவர்களே, 'நாங்கள்லாம் அந்தக் காலத்துல எப்படிப் படிச்சோம் தெரியுமா' என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள்.

பொருத்துக:
5. இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸ் – டாக்டர் சொன்ன நடை
பெல் அடித்ததும் ஓட்டம் – சர்க்கரை போடாத டீ
பங்கு போட்ட கடலை மிட்டாய் – மாத்திரை டப்பா

விரிவாக விடையளி:
6. 'நான் அப்படியேதான் இருக்கிறேன்' என்ற தலைப்பில், பழைய குரூப் போட்டோவைக் கையில் பிடித்தபடி, மற்றவர்கள் சிரிக்காமல் ஒரு நிமிடம் பேசுக.

தேர்வு மையம்: நம் பள்ளி, நம் வகுப்பறை. பேசியவர்கள் பெயரை அன்று போல வகுப்புத் தலைவர் போர்டில் எழுதுவார். இம்முறை பேசாதவர்களுக்குத்தான் தண்டனை. வருகிறவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் 'உள்ளேன் ஐயா' என்று எழுதி, சைவமா அசைவமா என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

இதில் ஒருவர் பெயர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் கேள்வியைப் படிக்கும் வழுக்கைத் தலையர், தன்னைச் சொல்கிறார்கள் என்று சிரிப்பார். முடி இருப்பவரும் சாயம் பூசுவதை நினைத்துச் சிரிப்பார். எல்லாருக்கும் 35 என்பதுதான் இந்தத் தாளின் மிக முக்கியமான வரி. அந்தக் காலத்தில் பத்தாவது ரிசல்ட் செய்தித்தாளில் வரும். தேர்ச்சி பெற்றவர்களின் எண் மட்டுமே அச்சாகியிருக்கும். தன் எண்ணைத் தேடிக் காணாமல் போனவர் அந்தக் காலைப் பொழுதை இன்னும் மறந்திருக்க மாட்டார். யாரும் யாருக்கும் கீழே இல்லை என்று அவரிடம் சொல்ல, பாஸ் மார்க்கையே வேடிக்கையாக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பட்டப்பெயர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அன்று வைத்த பெயர்களில் பாதி நிறத்தையோ உயரத்தையோ திக்குவாயையோ சாதியையோ குத்திய பெயர்கள். கூப்பிட்டவர்களுக்கு அவை இனிய நினைவு. சுமந்தவருக்கு அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. அழைப்பிதழில் வேண்டவே வேண்டாம். நேரில் வந்து அவரே தன் பெயரைச் சொல்லிச் சிரித்தால் அப்போது சேர்ந்து சிரிக்கலாம்.

அன்றைய ஒருதலைக் காதல் அடுத்த கண்ணி. 2018-இல் '96' படம் வந்தது முதல் இந்த வகைக் கிண்டலுக்குச் சுவை கூடியிருக்கிறது. ஆனால் அழைப்பிதழ் ஒருவர் போனில் மட்டும் இருப்பதில்லை. கணவர் பார்ப்பார், மாமியார் பார்ப்பார், பிள்ளைகள் சத்தமாகப் படிப்பார்கள். 'யார் யாருக்காகச் சைக்கிளில் சுற்றினார்கள்' என்ற ஒரு வரி, ஒரு தோழியை வரவிடாமல் செய்துவிடும். எழுதி முடித்ததும் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் வரியை வாதாடாமல் அடித்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு இந்த வினாத்தாளை அனுப்பக் கூடாது. அவர்களுக்கு நாலு பேர் வீட்டுக்குப் போய், தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு அச்சிட்ட அழைப்பைக் கொடுப்பதே முறை. காலமான தோழர்களின் பெயரும் வேடிக்கைத் தாளில் இடம்பெறக் கூடாது. அதைத் தனிச் செய்தியாக, முதல் நாளே அமைதியாகத் தெரிவித்துவிடலாம். இல்லாவிட்டால் 'அவன் வரலையா' என்று யாராவது சிரித்தபடி கேட்டு, கூட்டமே உறைந்துபோகும்.

'உள்ளேன் ஐயா' வேடிக்கைக்கு மட்டும் அல்ல. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போடுகிறவர்கள் படித்தேன் என்கிறார்களா, வருகிறேன் என்கிறார்களா என்று தெரியாது. அதை நம்பி இலை எண்ணிக்கை சொன்னால் சாப்பாடு மிஞ்சும், அல்லது பற்றாமல் போகும். வாயால் சொல்ல வேண்டிய ஒரு பதிலைக் கேட்டால் கணக்கு ஓரளவு சரியாக வரும். தேதிக்கு ஆடி ஞாயிறு நல்லது. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் சமையல்காரர் கிடைப்பார், கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்ற சாக்கும் குறையும்.

பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று அழைப்பிதழில் போடாதீர்கள். ஐந்நூறு ரூபாய் சிலருக்கு ஒரு நாள் கூலி. 'முடிந்தவர்கள் முடிந்ததைப் பொருளாளரிடம் தனியாகக் கொடுக்கலாம்' என்று எழுதி, கொடுத்தவர் பட்டியலைக் குழுவில் போடாமல் இருந்தால் போதும். வசதி உள்ளவர்கள் மீதியைச் சத்தமில்லாமல் நிரப்பிவிடுவார்கள்.

குழுவில் அழைப்பிதழைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், எண் மாற்றியவர்கள், பாதியில் பள்ளியை விட்டவர்கள் அந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். பழைய குரூப் போட்டோவை எடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டவரின் தெருவுக்கு, ஊரில் இருக்கும் யாராவது ஒருவர் இந்த வினாத்தாளை அச்செடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.