ஏப்ரல் 1 ஏன் மே 1 ஆனது?

புது ஈஆர்பி மென்பொருள் சொன்ன தேதியில் ஓடாது என்பதை இயக்குநர்களுக்கு எழுதுவது திட்ட மேலாளரின் வேலை. வழக்கமாக வரும் மின்னஞ்சல் 'டேட்டா மாற்றத்தில் சில சிக்கல்கள், 85 சதவீதம் முடிந்தது' என்றிருக்கும். இதைப் படித்து என்ன முடிவெடுப்பது? மீதியில் என்ன இருக்கிறது என்பதல்லவா கேள்வி!

பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பியைப் பழைய மென்பொருள் ரீல் கணக்கில் வைத்திருக்கிறது. புதியது கிலோவில் கேட்கிறது. ஒரு ரீல் 25 கிலோ. ஒத்திகையில் 40 ரீல் அப்படியே 40 கிலோவாக ஏறிவிடுகிறது. குடோனில் இருப்பதோ 1,000 கிலோ. மொத்த மதிப்பு ரூபாயில் சரியாக ஏறியதால் கணக்குப் பிரிவு எதையும் கவனிக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிகிறது. இப்படியே தொடங்கினால், சரக்கு இல்லையென்று நினைத்து மென்பொருள் இன்னும் ஒரு டன் செம்புக்கு ஆர்டர் போடச் சொல்லும். கிலோ விலை 25 மடங்காகத் தெரிவதால் ஒவ்வொரு பம்பின் அடக்கவிலையும் பொய்யாகும்.

இயக்குநர்களுக்குப் புரிவது இந்த மொழிதான். மேலாளர் இப்படி எழுதலாம்:

'வணக்கம். புதிய மென்பொருளை ஏப்ரல் 1-க்குப் பதில் மே 1-இல் தொடங்கப் பரிந்துரைக்கிறேன். இரண்டாவது ஒத்திகையில் செம்பு உட்பட 312 பொருள்களின் இருப்பு, குடோன் எண்ணிக்கையோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் அளவு அலகில் பிழை. அலகு மாற்றப் பட்டியலைத் தொடக்கத்திலேயே ஸ்டோரிடம் காட்டிச் சரிபார்த்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை. ஏப்ரல் வரவுசெலவும் அந்த மாத ஜிஎஸ்டி கணக்கும் பழைய மென்பொருளிலேயே இருக்கும். ஆலோசகர்களுக்கு ஒரு மாதக் கட்டணம் கூடும்.'

மாத நடுவில் ஏன் தொடங்கக் கூடாது என்று யாராவது கேட்பார்கள். தொடங்கலாம்தான். ஆனால் ஒரே மாத ஜிஎஸ்டி கணக்கு இரண்டு மென்பொருள்களில் சிதறும், சேர்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

தள்ளிப்போடாமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியைச் சொல்வார்கள். 1999-இல் ஹாலோவீன் விற்பனைக்குச் சற்று முன்பு புதிய மென்பொருளுக்கு மாறியது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை.

புதுத் தேதியை வெறும் வாக்குறுதியாக விடுவதும் தவறு. அடுத்த தள்ளிவைப்பு அங்கேதான் கருக்கொள்கிறது. ஆகவே மின்னஞ்சலின் கடைசிப் பத்தி இப்படிப் போகும்:

'ஏப்ரல் 18-இல் மூன்றாவது ஒத்திகை. இருப்பு வித்தியாசம் 10 பொருள்களுக்குள் வந்தால் மே 1 உறுதி. வராவிட்டால் ஜூன் 1. எதுவானாலும் 19-ஆம் தேதி காலை எழுதுகிறேன். உங்களிடம் வேண்டுவது ஒன்றே: அதுவரை புதிய பொருள் குறியீடு எதையும் திறக்கக் கூடாது என்று எல்லாப் பிரிவுக்கும் உத்தரவிடுங்கள்.'