அலமாரிக்கு எத்தனை கதவு?

படுக்கையறைக்கு அலமாரி செய்ய ஒரு வீட்டுக்காரரும் தச்சுப் பட்டறைக்காரரும் வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் கேட்டது ஆறு அடி அகலம், ஏழு அடி உயரம், இரண்டு ஸ்லைடிங் கதவு. வெளிப்பக்கம் ஆளுயரக் கண்ணாடியும் வேண்டும். கூடவே, "இடது ஓரத்துல ஸ்விட்ச் போர்டு இருக்கு, மறைச்சிடாதீங்க" என்று ஒரு வரி. அப்புறம் அகலம் ஏழாகிறது, திரும்ப ஆறாகிறது. ஒரு ராத்திரி, "ஸ்லைடிங் வேண்டாம்ணே, சாதாரணமா திறக்கிற கதவே போதும்." இரண்டு வாரம் கழித்துப் பட்டறைக்காரர் கேட்கிறார்: "கடைசியா என்ன முடிவு சார்?"

இதற்குப் பதில் எழுத, பேச்சை நாள்வாரியாகச் சுருக்கினால் கதைதான் கிடைக்கும், அளவு கிடைக்காது. அகலம், உயரம், கதவு, பலகை என்று பொருள்வாரியாகப் பிரித்து, பேச்சைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரு தரப்பும் கடைசியாக ஒத்துக்கொண்டது எதுவோ அதுவே நிற்கும். அகலம் ஆறு அடி. ஏழு அடி என்று நடுவில் பேசியதைக் குறிப்பில் சேர்க்கவே கூடாது.

கடைசியாகச் சொன்னதும் கடைசியாக முடிவானதும் ஒன்றல்ல. "மரைன் பிளை போடலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "போடலாம், ரேட்டு கூடும்" என்றார் பட்டறைக்காரர். "பார்க்கலாம்" என்று பேச்சு நின்றது. நம்மூரில் 'பார்க்கலாம்' எப்போது சம்மதமானது? முன்பு பேசிய சாதாரண பிளைவுட்தான் இன்னும் கணக்கில் இருக்கிறது.

கீழிருந்து படிப்பதில் ஒரு பள்ளமும் உண்டு. ஸ்விட்ச் போர்டு பற்றிய வரி ஒரே ஒரு முறை, முதல் நாள் வந்தது. அதை யாரும் மாற்றவில்லை, அதனாலேயே யாரும் திரும்பப் பேசவும் இல்லை. ஆகவே மேலிருந்து கீழாக இன்னொரு முறை படித்து, இப்படிப்பட்ட தனி வரிகளைப் பொறுக்கியெடுக்க வேண்டும்.

சிக்கலே கதவில்தான். ஸ்லைடிங் கதவுக்கு முன்னால் இடம் தேவையில்லை. திறக்கும் கதவுக்குத் தேவை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டடிதான் இருக்கிறது என்றால், மூன்றடிக் கதவு கட்டிலில் இடிக்கும். நான்காகப் பிரித்தால் கதவு ஒன்றரையடி, தாராளமாகத் திறக்கும். ஆனால் நான்கு கதவு என்று அந்தப் பேச்சில் யாரும் சொல்லவில்லை. கண்ணாடி எந்தக் கதவில், வெளியிலா உள்ளேயா என்பதும் அந்தரத்தில் நிற்கிறது. சுருக்குபவர் இதைத் தானே தீர்மானித்து எழுதிவிடக் கூடாது.

கடைசிக் குறிப்பு இவ்வளவுதான்:

"அகலம் 6 அடி, உயரம் 7 அடி. திறக்கும் கதவு. சாதாரண பிளைவுட். இடது ஓர ஸ்விட்ச் போர்டு மறையக் கூடாது. கேட்க வேண்டியவை: கதவு நான்கா? கண்ணாடி எங்கே? மரைன் பிளை வேண்டுமா?"

இதை அதே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதிலாகக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தால் அது மூன்று கேள்விக்கும் விடையாகாது. விடை எழுத்தில் வந்த பிறகு பலகையை அறுக்கச் சொல்லுங்கள்.