பைபாஸுக்கு முன் இரண்டு வாரம்

பைபாஸ் அறுவைக்கு நாள் குறித்த பிறகு, பெரும்பாலான நோயாளிகள் அந்த நாளுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹுல்ஸெபோஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தக் காத்திருப்பு நாட்களை மூச்சுத் தசைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். நுரையீரல் சிக்கல் வர அதிக வாய்ப்புள்ள 279 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், தினமும் 20 நிமிடம், தடை வைத்த சிறு கருவி வழியாக மூச்சை இழுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தது. 2006இல் வெளியான முடிவு இது: வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. பயிற்சி பெற்றவர்களில் அது 18 சதவீதம். நிமோனியா மட்டும் தனியாகப் பார்த்தால் 16 சதவீதத்துக்கு எதிராக 6.5.

இதய அறுவைக்குப் பின் நுரையீரல் ஏன் சிக்கலாகிறது? நெஞ்செலும்பை அறுத்துத் திறந்திருக்கிறார்கள். வலியால் நோயாளி ஆழமாக மூச்சு இழுக்கப் பயப்படுகிறார், இருமுவதற்கும் தயங்குகிறார். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரிந்திருக்கும் உதரவிதானம்தான் நம் மூச்சின் முக்கியத் தசை. அறுவைக்குப் பின் சில நாட்கள் அது பலம் குன்றிக் கிடக்கும். நுரையீரலின் அடிப்பகுதிகள் காற்றில்லாமல் சுருங்கும். சளி தேங்கி, அங்கே கிருமி பெருகும். அறுவைக்கு முன்பே அந்தத் தசையில் பலத்தைச் சேர்த்து வைத்தால், பலம் குறைந்த பின்னும் வேலைக்குப் போதுமான அளவு மிஞ்சும் என்பதே உட்ரெக்ட் குழுவின் எண்ணம்.

இதைக் கேட்கும் பலருக்கும் ஒரு சந்தேகம் எழும். உதரவிதானம் பிறந்தது முதல் ஓயாமல் உழைக்கிறதே, அதற்கு எதற்குத் தனிப் பயிற்சி? ஓயாமல் உழைப்பது உண்மை. ஆனால் சுமை மிகக் குறைவு. அமைதியாக உட்கார்ந்து மூச்சு விடும்போது, அந்தத் தசை தன் முழுப் பலத்தில் ஒரு சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. தெருவில் நாள் முழுக்க நடப்பவரின் காலும் மூட்டை தூக்கித் தூக்கிப் பழகியவரின் காலும் ஒன்றல்ல என்பது இங்கேயும் பொருந்தும். உதரவிதானம் கைகால் தசைகளின் இனத்தைச் சேர்ந்தது. இதயத் தசையின் இனம் அல்ல. எனவே பழகியதைவிடக் கூடுதலான சுமை வந்தால்தான் அது வளரும்.

வேலை நின்றால் தேயவும் செய்யும். வென்டிலேட்டர் முழுமையாக மூச்சை ஏற்றுக்கொள்ளும்போது உதரவிதானத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. மூளைச்சாவு அடைந்து, 18 முதல் 69 மணி நேரம் அப்படி வென்டிலேட்டரில் இருந்த உறுப்பு தானம் செய்தவர்களின் உதரவிதானத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். சில மணி நேரமே வென்டிலேட்டரில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, தசை நார்களின் குறுக்களவு பாதிக்கும் கீழே போயிருந்தது. மூன்று நாளுக்குள் இவ்வளவு என்பது மருத்துவர்களையே உலுக்கிய செய்தி.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. பார்சலோனாவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு ஐந்து வாரம் மூச்சுத் தசைப் பயிற்சி கொடுத்து, விலா எலும்புகளுக்கு இடையிலிருக்கும் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சோர்வின்றி நீண்ட நேரம் உழைக்கும் நார்களின் பங்கு கூடியிருந்தது. வேகமாகச் சுருங்கும் நார்கள் பருத்திருந்தன. அதே ஆட்களின் தொடைத் தசையில் மாற்றம் எதுவும் இல்லை. சுமை ஏறிய தசையே மாறியது.

எந்த விதமான சுமை என்பதும் முக்கியம். 1976இல் லீத், பிராட்லி இருவரும் ஆரோக்கியமான சிலருக்குச் செய்த சோதனையில், முழுப் பலத்தோடு இழுத்துப் பழகியவர்களுக்குப் பலம் கூடியது, தாக்குப்பிடிக்கும் திறன் கூடவில்லை. நீண்ட நேரம் வேகமாக மூச்சுவிட்டுப் பழகியவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. நம் மருத்துவமனைகளில் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அது நுரையீரலை விரிக்க உதவும். தசைக்கு அளந்து ஏற்றும் சுமை அதில் இல்லை. பிராணாயாமத்திலும் அப்படித்தான். அவற்றுக்கு அவற்றின் பயன் உண்டு, ஆனால் இந்தப் பயிற்சிக்கு மாற்று ஆகாது.

சுமையை அளப்பது எப்படி? மூக்கை கிளிப்பால் மூடி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, அடைத்த குழாயை வாயில் வைத்து முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். தண்ணீரை ஒரு குழாயில் எத்தனை சென்டிமீட்டர் உயர்த்தும் அளவுக்கு அந்த இழுப்பு இருக்கிறது என்பதே கணக்கு. ஒருவருக்கு 80 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உட்ரெக்ட் முறைப்படி அதில் 30 சதவீதம், அதாவது 24 செ.மீ. சுமையில் அவர் தொடங்குவார். கருவிக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. அந்த 24ஐ எட்டும் வரை அது திறக்காது, காற்று வராது. துளை சிறுத்த சாதாரணக் குழாயாக இருந்தால், மெல்ல இழுத்துச் சுமையைக் குறைத்துக்கொள்ள முடியும். இதில் அது நடக்காது.

20 நிமிடம் முடிந்ததும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். 5க்குக் கீழே சொன்னால், சுமை 5 சதவீதம் கூடும். வாரத்தில் ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து பார்ப்பார். மற்ற ஆறு நாள் வீட்டில். சுமையைக் கூட்டாமல் அதே இடத்தில் நின்றுவிடுவதுதான் வீட்டில் அதிகம் நடக்கும் தவறு என்று நினைக்கிறேன். தசை பழகிவிட்ட பிறகு அந்தச் சுமையால் புதிதாக ஒன்றும் வளராது. இன்னொன்று, அவசர அவசரமாக மூச்சு விடுவது. தலை சுற்றினாலோ விரல் நுனி மதமதத்தாலோ வேகம் அதிகம் என்று பொருள். நிறுத்தி இளைப்பாற வேண்டும். சமீபத்தில் நுரையீரல் உறையில் காற்று புகுந்தவர்களும் செவிப்பறை கிழிந்தவர்களும் இதைத் தொடவே கூடாது.

எண் கூடியது என்றவுடன் தசை வளர்ந்துவிட்டதாக நம்பிவிடக் கூடாது. அளவெடுக்கும் முறைக்கே ஆள் பழக வேண்டியிருப்பதால், இரண்டாவது மூன்றாவது முறை எண் தானாகவே உயரும். அதனால் தொடக்கத்திலேயே பல முறை இழுக்கச் சொல்லி, மிகுந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சில வாரங்களில் வரும் உண்மையான பலத்திலும் பெரும்பங்கு, நரம்புகள் தசையை முழுதாக இயக்கக் கற்பதால் வருகிறது. நார் பருப்பது அதன் பின்னால்.

உட்ரெக்ட் முடிவையும் கவனமாகப் படிக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களுக்குச் சளியை வெளியேற்றும் மூச்சு முறைகளும் சொல்லித் தரப்பட்டன. எனவே நன்மை முழுவதையும் கருவியின் கணக்கில் எழுத முடியாது. நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 219 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், உடற்பயிற்சித் திட்டத்தோடு இந்தப் பயிற்சியையும் சேர்த்தார்கள். மூச்சுத் தசையின் பலம் கூடியது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கூடவில்லை. நடையைத் தடுப்பது மூச்சுத் தசையாக இல்லாமல் காலாகவோ நுரையீரலாகவோ இருந்தால், தசையை மட்டும் பலப்படுத்தி என்ன பயன்? அதனால்தான் தொடங்கும் முன் அளந்து பார்த்து, உண்மையில் பலவீனம் இருப்பவர்களுக்கே இதைத் தர வேண்டும் என்று பல நிபுணர்கள் வலியுறுத்துகிறார்கள்.

விட்டுவிட்டால் பலம் மெல்ல இறங்கும். ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனையில், ஏறிய பலத்தைக் காக்க முன்பு செய்ததில் மூன்றில் ஒரு பங்கு போதுமாக இருந்தது. வாரம் ஆறு நாள் செய்தவர் இரண்டு நாளாகக் குறைக்கலாம். சுமையை மட்டும் குறைக்கக் கூடாது.