கொழுப்பு குறைந்தால் நுரை நிற்கும்

ஐஸ் காபியின் மேல் வெள்ளையாகத் திரண்டு நிற்கும் குளிர் நுரையை 2018-இல் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கடைகள் பரவலாக்கின. அதற்கு அவர்கள் எடுத்தது கொழுப்பு நீக்கிய பால். கெட்டிப் பால்தான் நன்றாக நுரைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

நுரை என்பது பாலுக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள். ஒவ்வொரு குமிழியையும் சுற்றி மெல்லிய சுவர் எழுப்புவது பாலில் உள்ள புரதம். கொழுப்பு அந்தச் சுவரில் புரதத்தின் இடத்தைப் பிடித்து, சுவரைப் பலவீனமாக்கி உடைத்துவிடுகிறது. பால் குளிர்ந்திருக்கும்போது கொழுப்பு பெரும்பாலும் கெட்டியாக உறைந்திருக்கும். அதன் தொல்லையும் குறையும். அதனால் பால் பிரிட்ஜிலிருந்து நேரே வரவேண்டும். அறைச் சூட்டுக்கு வந்த கொழுப்புப் பாலை எவ்வளவு அடித்தாலும் நுரை சோர்ந்துதான் போகும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் இதே கதிதான்.

நம்மூர் பாக்கெட்டுகளில் நிலைப்படுத்திய பாலில் கொழுப்பு 4.5 சதவீதம், டோன்டு பாலில் 3, டபுள் டோன்டு பாலில் 1.5. டபுள் டோன்டில் கொழுப்பு இல்லாத திடப்பொருள் 9 சதவீதம், டோன்டில் 8.5. புரதம் இந்தத் திடப்பொருளில்தான் இருக்கிறது. ஆகவே கொழுப்பு நீக்கிய பால் கிடைக்காத ஊரில் டபுள் டோன்டுதான் என் தேர்வு. காய்ச்சிய பாலானால், இரவு முழுக்கக் குளிரவிட்டு ஆடையை முழுதாக எடுத்துவிடுங்கள்.

இனி இனிப்பு. சர்க்கரையை அப்படியே போட்டால் குளிர்ந்த பாலில் சீக்கிரம் கரையாது. அடியில் தங்கி நறநறக்கும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு எடுத்து, சூடாக்கிக் கரைத்து, ஆறவைத்த பாகுதான் சரி. பாகு பாலைச் சற்றே கெட்டிப்படுத்துவதால், குமிழிகளுக்கு நடுவே உள்ள நீர் வடிவதும் தாமதமாகும். ஆனால் அளவு மிஞ்சினால் பால் கனத்து, காற்று ஏறாது.

ஒரு கிளாஸுக்கு 60 மில்லி பால், 2 டீஸ்பூன் பாகு, ஒரு சொட்டு வெனிலா போதும். பாகை முதலிலேயே கலந்துவிட வேண்டும். நுரை வந்தபின் ஊற்றினால் அமுங்கிவிடும். பேட்டரியில் ஓடும் கை நுரைப்பானின் சுருளைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். பெரிய குமிழிகள் எழும். சுமார் 15 விநாடியில் சுருளை ஆழத்துக்கு இறக்கினால் அவை உடைந்து பொடிக் குமிழிகளாகும். அளவு இரட்டித்து, கரண்டியிலிருந்து மெதுவாக வழுக்கி விழும்போது நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் நுரை வறண்டு கட்டியாகிவிடும். காபியோடு சேராமல் தனியே நிற்கும்.

காபியில் சர்க்கரை போடாதீர்கள்; நுரையின் இனிப்பே போதும். கலக்காமல், நுரை வழியாகவே உறிஞ்சிக் குடியுங்கள். மீந்த நுரையை எடுத்துவைத்துப் பயனில்லை, சற்று நேரத்தில் பாலாக வடிந்துவிடும்.