படத்துக்குக் கீழே இரண்டு வரி

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. மார்பளவு தண்ணீரில் பொருட்களோடு நடந்த கறுப்பின இளைஞர் ஒருவரின் படத்துக்கு, ‘மளிகைக் கடையைச் சூறையாடிவிட்டு வருகிறார்’ என்று அசோசியேட்டட் பிரஸ் படக்குறிப்பு எழுதியது. அதே வெள்ளத்தில் ரொட்டியும் குளிர்பானமுமாக நடந்த வெள்ளையர் இருவர், ஏஎஃப்பி வழியாக வெளியான படத்தில் அவற்றைக் ‘கண்டெடுத்தவர்கள்’ ஆனார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வாசகர்கள் கொதித்தார்கள்.

இளைஞர் கடைக்குள் போனதைத் தங்கள் புகைப்படக்காரர் பார்த்தார் என்றது ஏபி. கடையிலிருந்து பொருட்கள் மிதந்து வந்தன என்றார் மற்றவர். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னதாக வைத்துக்கொண்டாலும், படக்குறிப்பைச் சரிபார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மீதியிருக்கிறது: அதே நிலையில் வேறொருவர் இருந்தால் இதே சொல்லை எழுதுவோமா?

இன்று அறக்கட்டளை, கல்லூரி, மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் ஒருவர் படக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு கற்பனை வரைவை எடுத்துக்கொள்வோம்.

“தந்தையை இழந்து வறுமையில் வாடும் 200 மாணவிகளின் கண்ணீரைத் துடைத்தது எங்கள் அரக்கட்டளை! உதவித்தொகை வழங்குகிறார் முன்னால் மாணவர் சங்கத் தலைவர்.”

முதலில் தகவல். 200 என்பது அழைப்பிதழில் இருந்த எண். பணம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதைக் கையெழுத்துப் பதிவேடுதான் சொல்லும். அதில் 186 என்றிருந்தால் 186 என்றே எழுத வேண்டும். எல்லா மாணவிகளும் தந்தையை இழந்தவர்களா? விண்ணப்பங்களைப் பார்க்காமல் அந்த வரியை எழுதவே கூடாது. உயிரோடு இருக்கும் ஒரு தகப்பனார் இதைப் படித்தால் என்ன ஆகும்? படத்தில் பலர் நின்றால் ‘இடமிருந்து வலம்’ என்று பெயர்களை வரிசையாக எழுதி, நிகழ்ச்சியில் இருந்த ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அடுத்து அனுமதி. பலரும் சறுக்குவது இங்கேதான். மாணவிகள் 18 வயதுக்குட்பட்டவர்கள் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். அந்தத் தாளில் படம் எங்கே, எதற்காக வெளியாகும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ‘பள்ளிப் பதிவுக்கு’ என்று வாங்கிய கையெழுத்து ஃபேஸ்புக்குக்குச் செல்லாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. அவர்களை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 74 தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் படக்குறிப்பில் ஊரையும் பள்ளியையும் எழுதினால் மறைத்ததற்குப் பயனில்லை.

படம் யாருடையது என்பதும் அனுமதியில் சேரும். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருடையது. தன்னார்வலர் அன்புக்காக எடுத்துக் கொடுத்தது அவருடையதே. அவரிடம் கேட்டு, பெயரையும் போட வேண்டும்.

தொனிக்கு வருவோம். ‘வாடும்’, ‘கண்ணீரைத் துடைத்தது’ என்ற சொற்கள் நிறுவனத்தை உயர்த்த மாணவியைத் தாழ்த்துகின்றன. அவள் வகுப்பில் நாளை எல்லோரும் இதைப் படிப்பார்கள். ஹேஷ்டேக்கும் தொனியின் பகுதிதான். 2014இல் டிஜோர்னோ என்ற அமெரிக்க பீட்சா நிறுவனம் #WhyIStayed என்பதைச் சேர்த்து வேடிக்கையாக ஒரு பதிவு போட்டது. அது குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்கள் துயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஹேஷ்டேக். அதன் பொருளைப் பார்க்காமலே போட்டுவிட்டோம் என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஹேஷ்டேக்கைத் தேடி, அதில் வந்திருக்கும் பதிவுகளைப் படித்துவிட்டுப் பயன்படுத்த ஒரு நிமிடம் போதும்.

எழுத்துப்பிழையைக் கடைசியில் பார்க்க வேண்டும். மற்றவற்றைத் திருத்தும்போது புதுப் பிழை நுழையும் என்பதே காரணம். ‘அரக்கட்டளை’யைக் கணினி கண்டுபிடிக்கலாம். ‘முன்னால் மாணவர்’ என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஏனென்றால் ‘முன்னால்’ சரியான சொல்தான். இங்கே வேண்டியது ‘முன்னாள்’. எழுதாத இன்னொருவர் வாய்விட்டுப் படித்தால் இத்தகைய பிழைகள் சிக்கும். பெயரையும் தலைப்பெழுத்தையும் அவரவர் எழுதித் தந்த தாளோடு ஒப்பிட வேண்டும்.

திருத்திய வடிவம் இது: “கல்வி உதவித்தொகை பெற்ற 186 மாணவிகள். வழங்கியவர் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர்.” அடுத்து அவர் பெயரும் படம் எடுத்தவர் பெயரும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். ஃபேஸ்புக்கில் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். எனவே சரிபார்ப்பவருக்குப் பதிவை நிறுத்தும் அதிகாரத்தையும் நிர்வாகம் கொடுக்க வேண்டும். ஒப்புதல் தாள் கைக்கு வராத படத்தை, விழா நாள் தாண்டிப்போனாலும் அவர் நிறுத்திவைக்கட்டும்.